இணைய விளம்பரத்துக்கு ஏன் தனி வரி? ஒரு பூ நிறுவனத்தின் வழக்கிலிருந்து

2016-இல் இந்தியா வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்குத் தரும் விளம்பரக் கட்டணத்தின் மேல் 6 சதவீத சமன்படுத்தும் வரியைக் கொண்டுவந்தது. ‘வருமான வரிதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொன்று?’ என்று அப்போது எரிச்சல்பட்டவர்களில் நானும் ஒருவன். ‘கூகுள் வரி’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்ததும், ஏதோ கூகுளிடம் காசு பறிக்கிற வேலை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பூ நிறுவனத்தின் வழக்கைப் படித்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

ரைட் ஃப்ளோரிஸ்ட்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். இணையத்தில் பூ தேடுகிறவர்களின் கண்ணில் படுவதற்காக கூகுளிலும் யாஹூவிலும் விளம்பரம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ் எதுவும் பிடிக்கவில்லை. வருமான வரி அதிகாரி விடவில்லை. வரி பிடிக்காமல் அனுப்பிய பணம் என்பதால் அந்தச் செலவையே கணக்கில் ஏற்க முடியாது என்றார். வழக்கு கொல்கத்தாவில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2013-இல் பூ நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது.

தீர்ப்பாயம் சொன்ன காரணத்தில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வியாபார லாபத்துக்கு இந்தியா வரி போட வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்கு இங்கே நிலையான தொழிலிடம் ஒன்று இருக்க வேண்டும். வெறும் இணையதளம் ஓர் ‘இடம்’ ஆகாது. சர்வர் இங்கே இருந்தால் அதை இடம் என்று சொல்லிப் பார்க்கலாம், அதுவும் இங்கே இல்லை. சரி, தொழிலிடம் இல்லாமலும் வரி போடக்கூடிய தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாமா? விளம்பரத்தைக் காட்டுவது முழுக்க இயந்திரம், மனிதர் கை படவே இல்லை, அதனால் அதுவும் பொருந்தாது. ஆக, இங்கே வரியே கிடையாது. வரியே இல்லாதபோது பூ நிறுவனம் எதைப் பிடித்தம் செய்யும்?

சட்டப்படி இந்தத் தீர்ப்பில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி போடாமலிருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இந்தத் தொழிலிடம் என்ற கருத்தின் மேல்தான் நிற்கின்றன. இன்னொரு நாட்டில் பெரிய அளவில் விற்க வேண்டுமென்றால் அங்கே ஒரு கிளையாவது கிடங்காவது திறந்தே ஆக வேண்டியிருந்த காலத்தில் உருவான ஏற்பாடு அது. இணைய விளம்பரத்திலோ விளம்பரம் கொடுப்பவர் இங்கே, பார்க்கிற கண்கள் இங்கே, பணம் கிளம்புவதும் இங்கிருந்துதான். லாபம் மட்டும் வேறொரு நாட்டின் கணக்கில் ஏறும். அதே விளம்பரத்தை ஓர் உள்நாட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தால், அந்தப் பத்திரிகை தன் லாபத்துக்கு இங்கே வருமான வரி கட்டியிருக்கும். இந்த வித்தியாசத்தைச் சமன்படுத்தத்தான் வரி என்பதால் அந்தப் பெயர்.

அப்படியானால் வருமான வரிச் சட்டத்தையே திருத்திவிடலாமே என்று தோன்றும். இந்தியா அதையும் செய்து பார்த்தது. இங்கே கடை இல்லாவிட்டாலும் குறிப்பிடத்தக்க பொருளாதார இருப்பு இருந்தால் போதும் என்று 2018-இல் சட்டத்தில் எழுதினார்கள். 2 கோடி ரூபாய் வரவோ 3 லட்சம் பயனர்களோ இருந்தால் அது இருப்புதான் என்று பின்னர் வரம்பும் வைத்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் 90-ஆம் பிரிவு, ஒப்பந்தம் வரி கட்டுபவருக்குச் சாதகமாக இருந்தால் ஒப்பந்தமே செல்லும் என்றது. அயர்லாந்து நிறுவனமும் அமெரிக்க நிறுவனமும் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஒப்பந்தத்தையே மாற்றலாமென்றால் எதிர்த்தரப்பு நாடு சம்மதிக்க வேண்டும். தனக்கு வரும் வரியை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

அதனால்தான் தனி வரி. ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது வருமானத்தின் மீதான வரிகளை. வருமானத்தைத் தொடாமல், செலுத்தும் தொகையின் மேல், வருமான வரிச் சட்டத்துக்கு வெளியே ஒரு வரி போட்டால் ஒப்பந்தம் குறுக்கே வராது என்பது கணக்கு. 2016 நிதிச் சட்டத்தில் இதைத் தனி அத்தியாயமாக வைத்தது இதற்காகத்தான். ஒப்பந்தத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வேலைதான் இது, மறுக்கவில்லை. ஆனால் நேர்வழி முழுக்க அடைபட்டிருந்தது என்பதால் நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

என் சண்டை வேறு இடத்தில். சட்டத்துக்கு வெளியே போனால் அதற்கு ஒரு விலை உண்டு. இது வருமான வரி இல்லை என்று நாமே சொல்லிவிட்டதால், தன் சொந்த நாட்டு வரியில் அந்த வெளிநாட்டு நிறுவனம் இதைக் கழித்துக்கொள்வது கடினமாக இருந்தது. மேலும், வரி லாபத்தின் மேல் இல்லை, மொத்தத் தொகையின் மேல். 100 ரூபாய் வரவில் 30 ரூபாய் லாபம் பார்க்கிற பெரிய நிறுவனத்துக்கு 6 ரூபாய் என்பது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 10 ரூபாய் மட்டுமே மிஞ்சுகிற சின்ன நிறுவனத்துக்கு அதே 6 ரூபாய் லாபத்தில் பாதிக்கும் மேல். நஷ்டத்தில் ஓடினாலும் 6 ரூபாய்தான்.

அதைவிட மோசம், கட்டியது யார் என்பது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே ஆளே இல்லை, எனவே பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்துக்கு ஆண்டில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே பொறுப்பு வந்துவிட்டது. நான் கணக்கு பார்த்த ஒரு சிறு நிறுவனம் இதில் மாட்டியது. 2 லட்சம் ரூபாய் விளம்பரச் செலவு என்றால், 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 1,88,000 அனுப்ப வேண்டும் என்றது சட்டம். நடைமுறையில் கிரெடிட் கார்டிலிருந்து 2 லட்சமும் தானாகவே போய்விட்டது. எதிலிருந்து பிடிப்பது? 12,000 ரூபாயைத் தங்கள் கையிலிருந்துதான் கட்டினார்கள், அதுவும் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். கட்டத் தவறியிருந்தால் அந்த விளம்பரச் செலவையே லாபத்தில் கழித்திருக்க முடியாது. பூ நிறுவனத்திடம் அதிகாரி முதலில் சொன்ன அதே வாசகம். (உள்நாட்டு நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.)

ஐரோப்பிய நாடுகள் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தன. ஆஸ்திரியாவில் பத்திரிகை, தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே 5 சதவீத வரி உண்டு, இணையம் மட்டும் தப்பியிருந்தது. 2020-இல் இணைய விளம்பரத்துக்கும் அதே 5 சதவீதம் வந்தது. உலக அளவில் 75 கோடி யூரோவும் ஆஸ்திரியாவில் 2.5 கோடி யூரோவும் வரவுள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான், கட்ட வேண்டியதும் அவைதான். சமன்படுத்துவது என்றால் இதுதான் என்று நினைத்தேன். அதே ஆண்டிலேயே ஆஸ்திரியாவில் காட்டப்படும் விளம்பரங்களுக்கு 5 சதவீதக் கூடுதல் கட்டணம் என்று கூகுள் விளம்பரதாரர்களின் பில்லில் சேர்த்துவிட்டது. பிரிட்டன் 2 சதவீத வரி போட்டபோது அங்கேயும் பில்லில் 2 சதவீதம் ஏறியது. சந்தையில் வேறு போக்கிடம் இல்லாதபோது, சட்டப்படி யார் கட்டினாலும் கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதை அந்தச் சந்தையே முடிவு செய்கிறது.

அமெரிக்காவுக்கும் இந்த வரிகள் பிடிக்கவில்லை. இந்தியா 2020-இல் இணைய வணிகத்தின் மேல் கூடுதலாகப் போட்ட 2 சதவீத வரிக்குப் பதிலடியாக, 2021-இல் இந்தியாவிலிருந்து வரும் பொருள்கள் சிலவற்றுக்கு 25 சதவீத வரி என்று அறிவித்து, உடனே நிறுத்தியும் வைத்தது. அந்த 2 சதவீதம் 2024 ஆகஸ்டில் போனது. விளம்பரத்தின் மீதான 6 சதவீதமும் 2025 ஏப்ரல் 1-இல் போய்விட்டது. ஒப்பந்தங்களில் தொழிலிடம் பற்றிய விதி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று அதே பூ நிறுவனம் அதே 30 லட்சத்தை அயர்லாந்துக்கு நேரடியாக அனுப்பினால், கிட்டத்தட்ட 2013-இல் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும்.