திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?
"குப்புறித்துத் தூங்கினால், இரவு எத்தனை முறை ஆனாலும் எழுந்து மல்லாக்கத் திருப்பிப் போடுங்கள்" என்கிறது குழந்தையின் தூக்கம் பற்றிய இந்தக் கட்டுரை. இது குழந்தை ஒரு பக்கம் மட்டும் புரளும் வரைக்கும்தான். என் மகள் ஐந்தாம் மாதம் குப்புறிக்கத் தொடங்கினாள், திரும்பி மல்லாக்க வரத் தெரியாது. முகம் மெத்தையில் அழுந்தி அழுவாள். அந்த மூன்று வாரம் பார்க்கும்போதெல்லாம் திருப்பினோம், அதற்காக அலாரம் வைத்து விழித்திருக்கவில்லை. பகலில் பாயில் குப்புறப் போட்டு, கிலுகிலுப்பையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் தலை அதன் பின்னாலேயே போகும், தோள் சாயும், பொத்தென்று மல்லாந்துவிடுவாள். இரண்டு பக்கமும் தானாகப் புரள்வதைப் பல நாள் பார்த்த பிறகு விட்டுவிட்டோம். படுக்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான், ஒரு வயது வரை. மருத்துவரும் அதையே சொன்னார். மேலே கருத்திட்ட ஒருவர் இருபுறமும் தலையணை அண்டை கொடுக்கச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். புரண்ட குழந்தையின் மூக்கு அதில்தான் போய்ப் புதையும். கடுகுத் தலையணை, போர்வை, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அழுத்தினால் குழி விழாத சமதள மெத்தையும் இழுத்துச் செருகிய விரிப்பும் போதும். புரள முயல்வது தெரிந்த அன்றே துணியில் இறுக்கிச் சுற்றுவதையும் நிறுத்துங்கள். கை கட்டுண்டு குப்புற விழுந்தால் குழந்தையால் தலையை எளிதில் தூக்க முடியாது. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.