கால் பங்கு நிலம் வைத்திருந்தவர்கள்

பான்சொடான் தெரு நடைபாதைக் கடையில் என் தங்கை மகன் இரண்டு பழைய புத்தகங்கள் வாங்கி வந்தான். ஒன்று, சுமாராக இருந்து ஜெயித்த அமெரிக்கக் கம்பெனிகளைப் பற்றி ஜிம் காலின்ஸ் எழுதிய 'குட் டு கிரேட்'. மற்றொன்று, முன் அட்டை இல்லாத தமிழ்ப் புத்தகம். கடல் கடந்து போய்க் கொடிகட்டிய செட்டியார்களின் கதை. பையன் பிரியாணி டெலிவரி தொடங்கப் போகிறான். ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் எல்லாம் மிதிவண்டியில்தான். "ரெண்டு புக்லயும் ஒரே விஷயம்தான் மாமா. சிக்கனம், அடக்கம், தெரிஞ்ச தொழில விடாம செய்யறது" என்றான்.

எனக்கு உடனே தாத்தா ஞாபகம் வந்தது. கீழ் பர்மாவின் நெல் ஊரான பியாப்போனில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். அவர் முதலாளியைப் பற்றிச் சொன்னால் அந்தத் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு அத்தியாயம் மாதிரியே இருக்கும். விளக்கு எண்ணெயைக்கூடக் கணக்குப் பார்ப்பார். ஒரு அணா இடித்தாலும் அன்றிரவு பேரேட்டை மூட விடமாட்டார். மாதாமாதம் ஐந்தொகைக் கணக்கு ஊருக்குப் போய்விடும். சிக்கனம், அடக்கம், தெரிந்த தொழில், எல்லாம் இருந்தது. கடைதான் இல்லை. அவரைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிற பிழை என்று நான் சொல்வது இதைத்தான். ஜெயித்த பத்துப் பேரிடம் சிக்கனம் இருந்தது என்று காட்டுவது சுலபம். தோற்றவர்களிடம் அது இல்லை என்று காட்டினால்தான் அது வெற்றிக்குக் காரணம் என்று சொல்ல முடியும். அதற்குத் தோற்றவர்களின் பெயர்களும் கையில் வேண்டும். பர்மாவைப் பொறுத்தவரை அப்படி ஒரு கணக்கு உண்டு. 1929-30ல் மாகாண வங்கி விசாரணைக் குழு இங்கே இருந்த செட்டியார் கடைகளை எண்ணியது. சுமார் 1,650. யார் ஜெயிப்பார்கள் என்று தெரிவதற்கு முன்பே எடுத்த எண்ணிக்கை என்பதுதான் இதன் மதிப்பு. இந்தக் கடைகளின் கதையை ஷான் டர்னல் 'ஃபயரி டிராகன்ஸ்' என்ற பர்மா வங்கி வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெற்றிக் கதைப் புத்தகம் ஒன்றைப் படிப்பவர் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு. 1938ல் அதே மாவட்டங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து. அந்த வருஷம் ஒருவர் வந்து வெற்றிக் கதை எழுதியிருந்தால் 'எட்டே ஆண்டுகளில் நான்கு மடங்கு' என்று அட்டையில் போட்டிருப்பார்.

உண்மையில் அது வளர்ச்சியே அல்ல. கணக்குக்காக ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய் பெறும் நிலத்தின் மேல் கடைக்காரர் அறுநூறு கொடுத்திருக்கிறார். அதில் இருநூறுதான் சொந்தப் பணம், மீதி மற்றவர்கள் போட்ட டெபாசிட். 1930ல் நெல் விலை சரிகிறது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. நிலம் கடைக்காரர் கைக்கு வருகிறது. ஆனால் அது இப்போது நானூறுகூடப் பெறாது, அந்த விலைக்கும் ஆள் இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடமும் இதே மாதிரி நிலம்தான் குவிந்து கிடக்கிறது, எல்லோரும் விற்கத்தான் நிற்கிறார்கள். டெபாசிட் போட்டவர் மட்டும் தவணை தவறாமல் வந்து கேட்பார். தாத்தாவின் முதலாளி விவசாயம் பார்க்க வந்தவர் இல்லை. வேண்டாத நிலத்துக்கு ஏஜெண்டு வைத்துக் குத்தகை வசூலிக்க வேண்டியதாயிற்று. தெரிந்த தொழிலை விடாமல் செய்ததன் பலன், தெரியாத தொழில் ஒன்று தலையில் விழுந்ததுதான். மீதியை 1942ல் வந்த ஜப்பான் படையெடுப்பு பார்த்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் நிலம் தேசியமயமானது.

சரி, பிழைத்தவர்கள்? முருகப்பா குழுமம் 1900ல் பர்மாவின் மோல்மேனில் லேவாதேவியாகத் தொடங்கியது. யுத்தம் வருவதற்கு முன்பே, முப்பதுகளில், முதலீட்டை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டது. இதைத் தீர்க்கதரிசனம் என்று எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் நான் கேட்பது வேறு. மாற்றுவதற்கு அவர்கள் கையில் என்ன இருந்தது? பணமா, சரக்கா, நிலமா? நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது. எவ்வளவு முன்னோக்குப் பார்வை இருந்தாலும், முழு முதலும் வயலில் மாட்டிக்கொண்டவரால் டிக்கெட் மட்டும்தான் வாங்க முடியும். எதன் மேல் கடன் கொடுத்தார்கள், எல்லாக் கடனும் ஒரே விலையை நம்பி இருந்ததா என்பதை ஒரு நிறுவன வரலாறு சொன்னால் அதில் பாடம் உண்டு. நிறுவனரின் குணாதிசயத்தை மட்டும் சொன்னால் அது இரங்கற்பா.

காலின்ஸைக் குறை சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர் இல்லை. 1,435 கம்பெனிகளில் ஆரம்பித்து, பதினைந்து வருஷம் சுமாராக இருந்துவிட்டு அடுத்த பதினைந்து வருஷம் பங்குச் சந்தையைப் போல மூன்று மடங்கு லாபம் தந்த 11 கம்பெனிகளைப் பொறுக்கினார். ஒப்பிட்டுப் பார்க்க அதே துறையில் வளராத கம்பெனிகளையும் வைத்தார். பெரும்பாலான வெற்றிப் புத்தகங்கள் இதைக்கூடச் செய்வதில்லை. கோளாறு வேறு இடத்தில். பொறுக்கியது முடிவைப் பார்த்து. காரணம் தேடியது பேட்டிகளிலும் பழைய பத்திரிகைக் கட்டுரைகளிலும். பங்கு விலை ஏறிய கம்பெனியின் முதலாளியைப் பத்திரிகை எப்படி வர்ணிக்கும்? 'உறுதி' என்று. விலை இறங்கினால் அதே குணம் 'பிடிவாதம்'.

மேலாண்மைப் பேராசிரியர் ஃபில் ரோசன்ஸ்வைக் 'தி ஹேலோ எஃபெக்ட்' என்ற புத்தகத்தில் காலின்ஸை இந்த இடத்தில்தான் பிடிக்கிறார். அவர் எடுத்துக்காட்டும் ஒரு சோதனையை பாரி ஸ்டா 1975ல் செய்தார். சிறு குழுக்களிடம் ஒரு கம்பெனியின் கணக்கைக் கொடுத்து, விற்பனையையும் லாபத்தையும் கணிக்கச் சொன்னார். பிறகு, அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையே பார்க்காமல், சில குழுக்களிடம் 'பிரமாதம்' என்றும் சிலவற்றிடம் 'மோசம்' என்றும் சொன்னார். பிரமாதம் என்று கேட்டவர்கள் தங்கள் குழுவில் ஒற்றுமை இருந்தது, மனம்விட்டுப் பேசினோம் என்றார்கள். மற்றவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்ததும் ஞாபகமே அதற்கேற்ப மாறிக்கொண்டது.

காலின்ஸின் 11ல் சர்க்கிட் சிட்டி 2008 நவம்பரில் திவாலானது. ஃபேனி மே அதே வருஷம் செப்டம்பரில் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குப் போனது. வீட்டுக் கடன் வியாபாரம், ஒரே வகை அடமானம், விலை விழுந்ததும் எல்லாம் சேர்ந்து விழுந்தது. பியாப்போன்காரனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் மருமகனிடம் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது, கொட்டாவி விட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். நம் வட்டாரத்தில் இதுவரை சாப்பாடு டெலிவரி தொடங்கி நிறுத்தியவர்கள் யார் யார், எழுதிக்கொண்டு வா. ஒரு வாரம் கழித்து ஏழு பெயர் கொண்டு வந்தான். மூன்று பேரின் நம்பர் வேலை செய்யவில்லை. ஒருவர் ஊரிலேயே இல்லை. பேசிய மூவரில் இரண்டு பேர் நின்றது ஒரே மாதத்தில், ஜூலையில். தெருவில் முழங்கால் தண்ணீர், மிதிவண்டிப் பையன்கள் வரவில்லை, சமைத்த அண்டா அப்படியே கிடந்தது. வாடிக்கையாளர் மேல் இருவருக்கும் புகாரே இல்லை.

பையன் சிக்கனத்தைப் பற்றி இப்போது பேசுவதில்லை. மழைக்கு நாலு மாதம் கடையை மூடி வைத்தால் வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்கிறான்.