மார்கழியில் பச்சைத்தண்ணீர் சுட்டது

விடிகாலை ஐந்தரை மணிக்குச் சமையலறைக் குழாயில் பச்சைத்தண்ணீர் திறந்தால் முதல் இரண்டு விநாடிக்கு வெந்நீர் வருகிறது என்று அம்மா சொன்னார். மொட்டைமாடித் தொட்டியில் வெயில் பட்ட தண்ணீராக இருக்கும் என்றேன். "மார்கழி இருட்டில் என்னடா வெயில்?" என்று கேட்டார். பதில் இல்லை.

எங்கள் வீட்டில் குளியலறையில் 15 லிட்டர் கீசர். அதிலிருந்து ஒரு வெந்நீர்க் குழாய் சமையலறைத் தொட்டிக்கும் வருகிறது. அங்கே ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாய். கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத்தண்ணீர். வந்த பிளம்பர் கீசரைத்தான் பிடித்துக்கொண்டார். முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு, கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வால்வு கெட்டுப்போய் வெந்நீர் திரும்பி ஏறுகிறது என்றார். அப்படி நடப்பதும் உண்டுதான். ஆனால் அந்த நுழைவுக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் மிக்சருக்குப் போகும் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் தொட்டேன், சுட்டது. கீசர் பக்கம் வழியே இல்லை என்று அந்த விரலே சொல்லிவிட்டது.

அதன் பிறகு செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெந்நீர் ஆறும்வரை காத்திருந்தேன். மிக்சரின் கைப்பிடி மூடியே இருந்தது. தொட்டிக்கு அடியில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் தனித்தனியே மூட இரண்டு ஆங்கிள் காக் இருக்கும் அல்லவா, அதில் பச்சைத்தண்ணீர் காக்கை மூடி, அதிலிருந்து வளையும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டேன். வெந்நீர் காக் திறந்தபடியே இருந்தது. மிக்சர் ஒழுங்காக இருந்தால், குழாயில் தங்கியிருந்தது வடிந்தபின் எதுவும் வரக்கூடாது. எங்கள் வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. வெந்நீர் காக்கை மூடியதும் நின்றது. மேலே மிக்சரின் வாயில் மட்டும் ஒரு துளிகூடக் கசியவில்லை. சொட்டாத குழாய் சரியாக மூடியிருக்கிறது என்று நாம் எல்லோரும் நம்புவதுதான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் பிடிபடாமல் போவதற்குக் காரணம்.

கைப்பிடியில் சிவப்பும் நீலமுமாக ஒட்டியிருந்த சிறு மூடியைப் பெயர்த்து, உள்ளிருந்த திருகை ஆலன் சாவியால் தளர்த்தி, பித்தளை நட்டைக் கழற்றி, தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தோம். அதன் அடியில் வெந்நீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் தனித்தனித் துளைகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் பாலம். அந்தப் பாலம் தேய்ந்து, அதில் போர்வெல் மணல் நெருநெருவென்று பதிந்திருந்தது. மேலே இருக்கும் பீங்கான் தட்டுகள் நீர் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. கீழே இரண்டு நீரும் கலந்துகொண்டிருந்தன.

எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது எது தள்ளுகிறது? கீசர்தான். 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விரியும். 15 லிட்டருக்கு அது சுமார் 200 மில்லி. கீசரின் நுழைவில் உள்ள வால்வு திரும்பிப் போக விடாது. எனவே அது மிக்சரின் ஓட்டை வழியாகப் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்தது. அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு 120 மில்லி அளவுதான் பிடிக்கும் என்பதால், ஒன்றரை மீட்டருக்கும் சற்று அதிகமான தூரம் வெந்நீர் நிற்கும். அம்மாவின் இரண்டு விநாடிக் கணக்கு சரிதான். எனக்குக் கவலை தந்தது வேறு: குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கான இணைப்பும் அதே பச்சைத்தண்ணீர்க் குழாயிலிருந்துதான் பிரிகிறது. அதன் சவ்வு பொதுவாக 45 டிகிரிக்கு மேல் தாங்காது.

பழைய கார்ட்ரிட்ஜைக் கடைக்கு எடுத்துப் போய், 40 மில்லிமீட்டர் என்று அளந்து, அடித்துளைகளையும் ஒப்பிட்டு வாங்கினேன். 35 மில்லிமீட்டரும் புழக்கத்தில் உண்டு, கண்மதிப்பில் ஏமாந்துவிடுவோம். பொருத்துமுன் இரண்டு குழாய்களையும் சிறிது திறந்து மணலை வாளியில் கழுவிவிட்டோம். அதைச் செய்யாவிட்டால் புது ரப்பருக்கும் அதே கதிதான்.

மறுநாள் புதிய புகார் வந்தது. கீசர் சூடாகும்போதெல்லாம் அதன் பாதுகாப்பு வால்வு சொட்டியது. இத்தனை நாள் மிக்சர் வழியாகத் தப்பிய அதே விரிந்த நீர், இப்போது தனக்கென்று வைத்த வழியில் வருகிறது. பிளம்பர் அதற்கு ஒரு மூடி போட்டுவிடலாம் என்றார். தெர்மோஸ்டாட்டுக்குப் பேசாமல் பணம் கொடுத்த நான், அதற்கு மட்டும் குரலை உயர்த்தினேன். அழுத்தம் வெளியேறும் ஒரே வழியை அடைத்தால் கீசரின் தொட்டியே வெடிக்கலாம். இப்போது வால்விலிருந்து ஒரு சிறு குழாய் வடிகால் பக்கம் இறங்குகிறது. அம்மா அதன் அடியில் ஒரு குவளை வைத்துத் துளசிக்கு ஊற்றுகிறார்.