நாலு பக்க உரையும் அஞ்சு நிமிஷக் கூட்டமும்

(துணிக்கடை. கதவு திறக்க இன்னும் அரை மணி நேரம். மேனேஜர் கதிர் கையில் நாலு பக்கம் எழுதிய தாள். சீனியர் சேல்ஸ் மாலா ஹேங்கர்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.)

கதிர்: மாலாக்கா, இன்னைக்குக் கடை திறக்கறதுக்கு முன்னாடி நடக்கற ஹடில் கூட்டத்துல பேச எழுதிட்டேன், கேளுங்க. "அன்பார்ந்த சக ஊழியர்களே..."

மாலா: சார், நின்னுக்கிட்டே கேக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா எல்லாரும் கால் மாத்தி நிப்பாங்க, காது மூடிக்கும். நேரா நம்பருக்கு வாங்க.

கதிர்: "நேத்து 48 பில். இன்னைக்கு டார்கெட் 60."

மாலா: நேத்து உள்ள வந்தவங்க எத்தனை பேர்?

கதிர்: வாசல்ல ஆள் எண்ற மிஷின்ல 240.

மாலா: அதுல உங்க பங்கு எவ்வளவுன்னு பாத்தீங்களா? போன் பேச ஒம்பது தடவை வெளிய போயிட்டு வந்தீங்க. அந்த மிஷினுக்கு மேனேஜரும் ஒண்ணுதான், கஸ்டமரும் ஒண்ணுதான்.

கதிர்: ஒம்பது பேரும் ஒண்ணும் வாங்காமப் போயிட்டாங்களா!

மாலா: சரி, சுமாரா 240ன்னே வைங்க. அஞ்சு பேர் வந்தா ஒருத்தர் வாங்கியிருக்காங்க. 60 பில் வேணும்னா நாலு பேருக்கு ஒருத்தர் வாங்கணும். அப்படிச் சொல்லுங்க. "60"ன்னா உங்க தலைவலி. "நாலுல ஒருத்தர்"னா கண்ணு முன்னால நிக்கற ஆளு.

கதிர்: சூப்பர். கூடுதலா 12 பில், நாம ஆறு பேரு, ஆளுக்கு ரெண்டு.

மாலா: ஒருத்தி இன்னைக்கு லீவு. வீட்ல இருந்து ரெண்டு பில் போடுவாளா? ஒருத்தர் பில் கவுன்டர்ல உக்காந்திருக்கார், அவரு யாரைப் பிடிச்சு இழுப்பாரு? ஃப்ளோர்ல நிக்கறது நாலு பேரு. ஆளுக்கு மூணு.

கதிர்: (அடித்து எழுதுகிறார்) மூணு. கடை 11 மணி நேரம், மணிக்கு அஞ்சரை பில்லுன்னு பிரிச்சிருக்கேன்.

மாலா: அரை பில்லுக்கு ஒரு கால் பேன்ட் கொடுக்கறதா? சமமாப் பிரிச்சா காலையில பதினொண்ணுக்கே தோத்த மாதிரி தெரியும். அதுக்கப்புறம் யாரும் டார்கெட்டைத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நம்ம கடைக்குக் கூட்டம் வர்றது சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டு. 2 மணிக்கு 14, 5 மணிக்கு 26, 8 மணிக்கு 52ன்னு வைங்க. மிச்சம் எட்டு கடைசி ஒரு மணி நேரத்துக்கு. 5 மணிக்கு 26 இல்லைன்னா அப்பவே ஒரு ஆளை சாப்பாட்டு பிரேக்ல இருந்து கூப்பிட்டுக்கலாம். ராத்திரி ஒம்பதுக்குத் தெரிஞ்சு என்ன பண்ண?

கதிர்: அடுத்தது பாராட்டு. "முருகன் ரொம்ப நல்ல பையன். கடின உழைப்பாளி. நம்ம குடும்பத்தின் தூண்..."

மாலா: பொண்ணு பாக்கப் போறீங்களா?

கதிர்: பாராட்டுன்னா இப்படித்தானே சொல்வாங்க!

மாலா: என்ன பண்ணினான்னு சொல்லணும் சார். மத்தவங்க மதியத்துக்குள்ள அதையே பண்ணிப் பாக்கறாப்ல இருக்கணும். நேத்து ஒருத்தர் ட்ரயல் ரூம் போனப்ப, கேக்காமலே ஒரு சைஸ் பெருசையும் கையில கொடுத்து அனுப்பினான். முதல் சட்டை தோள்ல பிடிச்சுது. அவரு வெளிய வந்து திரும்பத் தேட வேண்டியதே இல்ல. மாத்திப் போட்டாரு, வாங்கினாரு.

கதிர்: சட்டை பத்தலைன்னா மறுபடி உடுத்திக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள மனசு மாறிடும்ல.

மாலா: அதேதான். அவன் செஞ்சதையும் நடந்ததையும் இருவது செகண்டுல சொல்லி நிறுத்துங்க. "இன்னைக்கு எல்லாரும் ட்ரயலுக்கு ரெண்டு சைஸ் கொடுங்க"ன்னு அதையே இன்னைய வேலையாக்கிடுங்க. அந்த மூணு பில் எங்க இருந்து வரும்னு தெரிஞ்சுடும்.

கதிர்: கூடவே "மத்தவங்களும் முருகனைப் பாத்துத் திருந்துங்க"ன்னு...

மாலா: சொன்னீங்கன்னா மதியம் அவன் தனியாச் சாப்பிடுவான்.

கதிர்: அப்போ நேத்து லேட்டா வந்தவங்களை?

மாலா: தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. ஹடில்ல திட்டினா முதல் கஸ்டமருக்குத்தான் அந்த மூஞ்சி கிடைக்கும். அப்புறம், ஒரு மணிக்கு ஷிஃப்டுக்கு வர்ற ரெண்டு பேருக்கும் தனியா ரெண்டு நிமிஷம் சொல்லிடுங்க. போன வாரம் அவங்களுக்கு டார்கெட்டே ராத்திரிதான் தெரிஞ்சுது.

கதிர்: கடைசியில "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னு கேட்டு முடிச்சிடறேன்.

மாலா: எல்லாரும் தலையாட்டுவாங்க, பொம்மையும் ஆட்டும். யாராவது ஒருத்தரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. இப்போ உங்களையே கேக்கறேன். ஆளுக்கு எத்தனை?

கதிர்: மூணு!

மாலா: 5 மணிக்கு?

கதிர்: இருபத்தி... (தாளைப் புரட்டுகிறார். போன் அடிக்கிறது.) ஒரு நிமிஷம்க்கா, வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன்.

மாலா: போங்க, போங்க. கடை திறக்கறதுக்கு முன்னாடியே முதல் கஸ்டமர் கணக்குல வந்தாச்சு.