வாட்டர்மார்க்கை வெட்டினாலும் உரிமம் வந்துவிடாது

"ஸ்டாக் படத்தின் ஓரத்தில் இருக்கும் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டால் போதும், பேனரில் தாராளமாகப் போடலாம்." பொங்கல் நெருங்கும்போது பெங்களூரு தமிழ்க் குழுக்களில் சுற்றும் தகவல் இது.

தவறான தகவல். வாட்டர்மார்க்குடன் கிடைப்பது முன்னோட்டப் பிரதி. வாங்கும் முன் வடிவமைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க மட்டுமே அதற்கு அனுமதி. அச்சிடும் உரிமை, உரிமம் வாங்கினால்தான் வரும். ஓரம் போனாலும் மீதிப் படம் உரிமையாளருடையதுதான். கூகுள் லென்ஸில் தேடினால் மூலப்படம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கு மேல், உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 65B பிரிவில் தனிக் குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. indiacode.nic.in தளத்தில் நீங்களே படித்துப் பார்க்கலாம்.

சரி, பொங்கல் பானைப் படத்துக்கு எங்கே போவது? விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் தேடுங்கள். படத்தின் உரிமம் CC0 என்றிருந்தால் அப்படியே அச்சிடலாம். CC BY என்றால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் பேனர் ஓரத்தில் போட வேண்டும், படத்தை வெட்டியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். போன வருட விழாவில் யாராவது நல்ல படம் எடுத்திருந்தால், அவரிடம் கேட்டு வாங்குவது இன்னும் சுலபம்.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.