54 சதவீதம் சிக்கன் என்றால், எதில் 54?

தடைக்காலம் வந்து மீன் விலை ஏறினால் நம்ம கடற்கரை ஊர்களில் கோழிக்கு மவுசு கூடும். இப்போது அந்த வரிசையில் நக்கட்ஸும் சேர்ந்துவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "சிக்கன் 54%" என்று இருக்கும். பாதிக்கு மேல் கறி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கணக்கு சரிதான். ஆனால் அதில் "சிக்கன்" என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நக்கட்ஸ் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கறித்துண்டுகளை அரைத்து, உப்பும் பாஸ்பேட்டும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் குளிர்ச்சியாகவே பிசைவார்கள். உப்பு தசையில் இருக்கும் புரதத்தை வெளியே இழுக்கும், அதுதான் பசை. மீன் சதையை உப்புப் போட்டுப் பிசைந்தால் கையில் ஒட்டிக்கொண்டு இழுக்குமே, அதே சங்கதி. இந்தக் கலவையை அச்சில் அழுத்தி, மாவுக் கரைசலில் முக்கி, ரொட்டித்தூள் பூசி, மேல்பூச்சு பிடிப்பதற்காகச் சூடான எண்ணெயில் அரை நிமிடம் போல விட்டெடுத்து உறைய வைக்கிறார்கள். பாஸ்பேட்டின் இன்னொரு வேலை தண்ணீரைப் பிடித்து வைப்பது. உரித்த இறாலைப் பாஸ்பேட் தண்ணியில் ஊறப்போட்டு எடை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லேபிளில் ஐஎன்எஸ் 450, 451, 452 என்று போட்டிருப்பது இதைத்தான்.

இதற்குப் போடும் கறியில் இன்னொரு வகை இருக்கிறது. நெஞ்சுக்கறியும் தொடையும் எடுத்த பிறகு மிஞ்சும் முதுகெலும்புக் கூடு, கழுத்து இவற்றை இயந்திரத்தில் போட்டு நசுக்கி, பொடித் துளைகள் கொண்ட சல்லடை வழியே அழுத்தினால் எலும்பு ஒரு பக்கம் தங்கும், சதை கூழாக மறுபக்கம் வரும். இதில் நார் கிடையாது. எலும்பு மஜ்ஜையும் கலப்பதால் நிறம் கருஞ்சிவப்பாக இருக்கும், சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் கூடும். மஜ்ஜையின் இரும்பும் கொழுப்பும் காற்றோடு கலந்துவிடுவதால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். உடனே உறைய வைக்காவிட்டால் கிருமியும் பெருகும். விஷமில்லை, நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். கறி விலைக்கு விற்பதில்தான் எனக்கு வருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் விதிப்படி இதைக் கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தனிப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். அங்கேயும் கோழிக்கறி என்ற பெயருக்குள் ஓரளவு தோலும் கொழுப்பும் அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம பாக்கெட்டில் "மெக்கானிக்கலி டீபோன்ட்" அல்லது "செப்பரேட்டட்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது ஒரு பாக்கெட்டைக் கணக்குப் போடுவோம். 500 கிராம், சிக்கன் 54% என்றால் கோழி 270 கிராம். உறைந்த நக்கட்ஸ் பத்தை எடுத்து நிறுங்கள், 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் சில நொடி தண்ணீரில் முக்கி, கத்தி முனையால் பூச்சை மட்டும் சுரண்டி, ஈரத்தைத் துடைத்து மறுபடி நிறுங்கள். உள்ளே இருப்பது 136 கிராம் வந்தால் 68%. முழுப் பாக்கெட்டுக்கு 340 கிராம் உள்சதை. அதில் கோழி 270, மீதி 70 கிராம் தண்ணீர், மாவு, சோயா, எண்ணெய். ரொம்ப நேரம் ஊறவிட்டால் உள்ளே இளகிக் கறியும் சேர்ந்து வந்துவிடும், கணக்கு கெடும். உள்சதையே 50%தான் வந்தால் 54 என்பது பொய்.

எந்தக் கறி என்பதைப் புரத அளவு ஓரளவு காட்டிக்கொடுக்கும். நூறு கிராம் நக்கட்ஸில் 54 கிராம் நெஞ்சுக்கறி இருந்தால் அதிலிருந்தே சுமார் 12 கிராம் புரதம். மேல்பூச்சு இரண்டு மூன்று தரும். மொத்தம் 14, 15 வர வேண்டும். தோலோடு அரைத்த கறியானால் 11, 12தான் வரும். சோயாப் புரதமும் போட்டு லேபிளில் 11 என்று இருந்தால் அது நெஞ்சுக்கறி இல்லை. முன்பக்கப் படம் என்ன சொன்னாலும் சரி.

பிய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். நார் நாராக வந்தால் நல்லது. வராவிட்டால் உடனே கூழ் என்று முடிவு கட்ட முடியாது, நல்ல கறியையும் மைய அரைத்தால் நார் போய்விடும். நார் இல்லாமையோடு சாம்பல் கலந்த கருஞ்சிவப்பும் சேர்ந்தால் சந்தேகப்படலாம்.

அந்தப் பாக்கெட் 250 ரூபாய் என்றால் உள்ளே இருக்கும் கோழியின் விலை கிலோ 925 ரூபாய்க்கு மேலே போகிறது. எலும்பில்லாத கோழி இன்றைக்கு என்ன விலை என்று பக்கத்துக் கறிக்கடையில் கேட்டுப் பாருங்கள்.