அம்மாவின் கை நடுங்கவில்லை, கண்ணாடிதான் வழுக்கியது

அம்மாவின் போனில் கண்ணாடிப் பின்பக்கம் உடைந்ததைப் பற்றி நேற்று எழுதிய பதிவின் கீழே "கை நடுங்குபவர்களுக்கு எதற்கு நல்ல போன்?" என்று ஒருவர் கேட்டிருந்ததைப் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவின் கை நடுங்கவில்லை. கோத்தகிரியில் ஜனவரி மாதத்து விடியலில் வீட்டு வாசலில் நின்று போனை எடுத்தார்; அது வழுக்கி, கருங்கல் படியில் மூலை குத்தி விழுந்தது. கேமரா அருகிலிருந்து சிலந்தி வலை போல விரிசல் ஓடிவிட்டது.

பனிக்காலத்தில் இங்கே விரல் நுனிகள் வறண்டுபோகும். வறண்ட தோலுக்கு வழவழப்பான கண்ணாடியில் பிடிப்பே இருக்காது. விரல்களில் வாயால் ஊதிவிட்டு அதே போனைப் பிடித்துப் பாருங்கள், அந்தச் சிறு ஈரத்திலேயே கை ஒட்டும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பின்பக்கத்துக்கு இந்த ஊதல் தேவைப்படுவதில்லை.

"இப்போதைய கண்ணாடி உறுதியானது" என்கிறார்கள். கீறலைத் தாங்கும் என்பது உண்மை. அதன் மேற்பரப்பை வேதி முறையில் இறுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த இறுகிய அடுக்கு மிக மெல்லியது. கல்லின் கூர்முனை அதைத் தாண்டி இறங்கிவிட்டால் விரிசல் நிற்காது. பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். என் பழைய பிளாஸ்டிக் போன் இதே படியில் மூன்று முறை விழுந்தது, ஒரு மூலை மட்டும் மழுங்கியிருக்கிறது.

உலோகம் உடையாதே என்பீர்கள். உடையாது, நசுங்கும். ஆனால் அதிகாலையில் அலுமினியப் போனைக் காதில் வைத்துப் பேசியிருக்கிறீர்களா? கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் மூன்றும் ஒரே குளிரில் கிடந்தாலும், உலோகம் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சுவதால் அதுதான் அதிகம் சில்லிடும். கண்ணாடி அதைவிடக் குறைவு, பிளாஸ்டிக் மிகக் குறைவு. நெடுநேரம் வீடியோ அழைப்பில் இருந்தால் உலோகம் உள்சூட்டை விரைவாக வெளியே தள்ளும். அந்த நன்மையை மறுக்கவில்லை, ஆனால் அந்தச் சூடும் கையில்தான் இறங்கும்.

எடையிலும், ஒரே தடிமனில் கண்ணாடி பிளாஸ்டிக்கைப் போல ஏறத்தாழ இருமடங்கு, அலுமினியம் இன்னும் சற்றுக் கூடுதல். "வயர்லெஸ் சார்ஜிங் வேண்டுமே" என்றால், அதைத் தடுப்பது உலோகம்தான், பிளாஸ்டிக் தடுப்பதில்லை. "பவுச் போடலாமே" என்றால், அப்போது கையில் இருப்பது பவுச்சின் பிளாஸ்டிக்தானே? கண்ணாடிக்குக் கொடுத்த பணம் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

பிளாஸ்டிக் என்றால் மலிவு என்று சொல்லித்தான் கடையில் அம்மாவுக்குக் கண்ணாடிப் பின்பக்கப் போனை வாங்க வைத்தார்கள். நானும் தலையாட்டினேன், அந்தக் குறை என்னுடையது, அவருடையதல்ல. உடைந்த இடத்தில் ஒட்டிய செல்லோடேப்பைத் தாண்டி ஒரு சில்லு நேற்று அவர் விரலில் ஏறிவிட்டது. ஊசியால் அதை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கை நடுக்கம் பற்றிய அந்தக் கருத்தை அவரும் படித்தார்.